அடி ஏன் குறுகியிருக்கிறது? தோட்டத்துப் பிரமிடைப் படித்து விடை எழுதும் முறை

சமூக மருத்துவத் தாளில் மக்கள்தொகைப் பிரமிடு கேள்வி மூன்று படிகளில் வரும். ஒரு சுகாதாரக் கிளினிக்கின் பொறுப்பில் உள்ள பகுதியின் படத்தைக் கொடுத்து முதலில் வடிவத்தை விவரிக்கச் சொல்வார்கள். அடுத்துச் சார்பு விகிதத்தைக் கணக்கிடச் சொல்வார்கள். கடைசியாக, இந்தப் பகுதிக்கு என்ன சேவைகள் தேவை என்று கேட்பார்கள். முதல் படியில் எழுதும் ஒரு வரிதான் மற்ற இரண்டையும் தீர்மானிக்கிறது. அடி குறுகலாக இருப்பதைப் பார்த்தவுடன் ‘கருவளம் குறைந்த சமூகம்’ என்று எழுதிவிட்டால், சேவைகள் பற்றிய பதிலும் அந்தத் தடத்திலேயே போய்விடும். பேராக்கில், குறிப்பாகப் பழைய ரப்பர்த் தோட்டப் பகுதிகளில், அந்த வரி பாதி நேரம் தவறு.

காரணம் எளிது. பிரமிடின் அடிக்கட்டை குட்டையாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இருக்கும் பெண்கள் குறைவாகப் பிள்ளை பெறலாம். அல்லது பிள்ளை பெறும் வயதுப் பெண்களே அங்கு இல்லாமல் போகலாம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 1985-இல் ஈய விலை சரிந்த பிறகு கிந்தா பள்ளத்தாக்கிலிருந்து இளையோர் கிள்ளானுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோது தோட்டத்துக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் பட்டணத்துக்குப் போக, பெற்றோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். நாட்டிலேயே முதியோர் பங்கு மிகுந்த மாநிலங்களில் ஒன்றாகப் பேராக் இருப்பதற்குக் குறைந்த பிறப்பு மட்டும் காரணமல்ல, இந்த வெளியேற்றமும் காரணம்.

முதலில் அச்சுகளைப் பாருங்கள்

படத்தைக் கையில் வாங்கியதும் வடிவத்துக்குப் பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம். இடப்பக்கம் ஆண், வலப்பக்கம் பெண், ஒவ்வொரு கட்டையும் ஐந்து வயது, உச்சியில் திறந்த வயதுக் குழு என்பது வழக்கம். கிடை அச்சில் இருப்பது எண்ணிக்கையா சதவீதமா என்று பாருங்கள். சதவீதம் என்றால் எதில் சதவீதம் என்பதையும் பாருங்கள். எல்லாக் கட்டைகளையும் மொத்த மக்கள்தொகையின் சதவீதமாகத்தான் வரைய வேண்டும். ஆண்களை ஆண்களின் மொத்தத்திலும் பெண்களைப் பெண்களின் மொத்தத்திலும் சதவீதமாக்கி வரைந்தால் இரு பக்கமும் நூறு நூறாகி, ஆண் பெண் எண்ணிக்கை வேறுபாடு படத்திலிருந்து மறைந்துவிடும். தோட்டப் பகுதியில் அந்த வேறுபாடுதான் முதலில் கண்ணில் பட வேண்டியது.

அதற்குப் பழைய மலாயாவையே எடுத்துக்கொள்ளலாம். 1921 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 400-ஐ ஒட்டியே இருந்தார்கள். பத்தாண்டுகள் கழித்தும் அந்த எண் 500-ஐத் தொடவில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னரும் கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்துவந்த காலம் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் வயது ஆண்கள். அந்த மக்கள்தொகையை வரைந்தால் இடப்பக்கம் நடுவில் புடைத்து, அடியும் உச்சியும் மெலிந்திருக்கும். அதை ஒரு நாட்டின் பிரமிடைப் படிப்பதுபோலப் படித்து, அடி மெலிந்திருப்பதால் பிறப்பைக் கட்டுப்படுத்திய சமூகம் என்று சொன்னால் எவ்வளவு அபத்தம்! பெண்கள் குறைவு, அதனால் பிள்ளைகள் குறைவு, அவ்வளவுதான். ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்று பார்க்கும் செப்பமற்ற பிறப்பு வீதமும் இங்கே இதே வகையில் ஏமாற்றும். அதன் வகுக்கும் எண்ணில் பிள்ளை பெறாத ஆண்கள் நிறைந்திருக்கிறார்கள்.

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை விழுந்தபோது ஏராளமான தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன் பிறகுதான் தோட்டத்து மக்கள்தொகை இங்கேயே பிறந்தவர்களால் நிரம்பத் தொடங்கி, இரு பக்கமும் மெல்லச் சமநிலைக்கு வந்தது. இன்று அதே தோட்டங்களில் இடப்பக்கம் மறுபடி புடைக்கிறது. இந்த முறை வந்தவர்கள் இந்தோனேசியாவையும் வங்காளதேசத்தையும் நேபாளத்தையும் சேர்ந்த தொழிலாளர்கள்.

ஒரு கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

பயிற்சிக்காக நானே அமைத்த எண்களைக் கொண்டு இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பழைய தோட்டக் குடியிருப்பு. இரண்டாவது, ஈப்போ விளிம்பில் ஒரு தாமான். வசதிக்காக இரண்டிலும் 1,000 பேர். இரண்டிலும் ஐந்து வயதுக்குக் கீழ் 48 குழந்தைகள். பிரமிடின் அடிக்கட்டை இரண்டு படங்களிலும் ஒரே அகலம், 4.8 சதவீதம்.

இப்போது 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை எண்ணுங்கள். தோட்டத்தில் 160 பேர், தாமானில் 280 பேர். குழந்தைகளை இந்தப் பெண்களின் எண்ணிக்கையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வருவது குழந்தை–பெண் விகிதம். தோட்டத்தில் அது 300, தாமானில் 171. ஒரே அகல அடிக்கட்டைக்குப் பின்னால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. பிறப்புப் பதிவேடு எதுவும் இல்லாமல், கையில் உள்ள பிரமிடை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுவிடலாம். அடி குறுகலாகத் தெரிந்தால் அடுத்த கணமே உங்கள் கண் வலப்பக்கத்து ஏழு கட்டைகளுக்குப் போக வேண்டும்.

இந்த விகிதத்தை இன்னும் ஒரு படி நகர்த்தலாம். பிள்ளை பெறும் காலம் 15 முதல் 49 வரை 35 ஆண்டுகள். அடிக்கட்டையில் இருப்பது கடந்த 5 ஆண்டுகளின் பிறப்பு. 35-ஐ 5-ஆல் வகுத்தால் 7. ஆகவே குழந்தைகளை ஏழால் பெருக்கிப் பெண்களால் வகுத்தால் மொத்தக் கருவள வீதத்தின் தோராய மதிப்பு கிடைக்கும்:

48 × 7 ÷ 160 = 2.1

48 × 7 ÷ 280 = 1.2

தாமானில் அடி குறுகியதற்குக் காரணம் கருவளம். தோட்டத்தில் அப்படியில்லை, அங்கே பெண்கள் போய்விட்டார்கள். ஆனால் 2.1 என்று பார்த்தவுடன் ‘ஈடுசெய்யும் அளவில் கருவளம்’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். தோட்டத்தில் இந்தக் கணக்கு இன்னொரு வழியில் வழுக்கும்.

லயத்து வீடு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். பாட்டி ஒரு பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். பிள்ளையின் தாய் எங்கே என்று கேட்டால் ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை, மாதம் ஒருமுறை வருவாள் என்பார். குழந்தை இங்கே எண்ணப்படுகிறது, தாய் அங்கே எண்ணப்படுகிறாள். வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் ஒரே ஆட்களைப் பற்றியவை அல்ல. நம் 48 குழந்தைகளில் 12 பேர் இப்படித் தாத்தா பாட்டியிடம் விடப்பட்டவர்கள் என்று வீட்டுக்கு வீடு கேட்டதில் தெரிந்தால், மீதி 36 பேர்தான் அந்த 160 பெண்களின் பிள்ளைகள். 36 × 7 ÷ 160 என்பது ஏறத்தாழ 1.6. 2022-க்கு மலேசியாவின் மொத்தக் கருவள வீதமாக வெளியான எண்ணும் 1.6-தான். ஆக, தோட்டத்துப் பெண்கள் நாட்டின் சராசரியை ஒட்டியே பெறுகிறார்கள் என்பதே இந்தக் கணக்கின் முடிவு. அடி குறுகியிருப்பதில் பெரும்பங்கு வெளியேற்றத்துக்குரியது.

தோராயத்துக்கு வேறு எல்லைகளும் உண்டு. அந்த 160 பெண்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்களாக இருந்தால் உண்மையான வீதம் கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களிடம் கடந்த ஐந்தாண்டுகளின் குழந்தைகளை அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் கணக்கில் வருவதில்லை. இன்றைய மலேசியாவில் அது சிறு பிழை, 1921-க்குப் போட்டால் பெரும்பிழை. மேலும் 48 குழந்தைகள் என்பது சிறிய எண். பத்துப் பிள்ளைகள் கூடினாலோ குறைந்தாலோ விடை 0.4 அளவு நகர்ந்துவிடும். அதனால் சிறிய பகுதிக்கு இரண்டு தசம இடங்களில் விடை எழுதாதீர்கள்.

வயதுவாரி வீதம் கொடுத்திருந்தால்

சில தாள்களில் பிரமிடுக்குப் பதில் வயதுவாரியான கருவள வீதங்களைக் கொடுத்து மொத்தக் கருவள வீதம் கேட்பார்கள். ஆயிரம் பெண்களுக்கு, 15–19 வயதில் தொடங்கி வரிசையாக 6, 40, 92, 88, 46, 11, 1 என்று வைத்துக்கொள்வோம். ஏழையும் கூட்டினால் 284. இங்கேதான் மதிப்பெண் கொட்டிப்போகிறது. 284 என்றோ 0.284 என்றோ எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பெண் ஒவ்வொரு குழுவிலும் ஐந்து ஆண்டுகள் இருக்கிறாள், ஒவ்வோர் ஆண்டும் அந்தக் குழுவின் வீதம் அவளுக்குப் பொருந்தும். ஆகவே ஐந்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும்:

284 × 5 ÷ 1000 = 1.42

விடையைச் சொல்லிப் பார்த்தே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பெண்ணுக்கு 284 பிள்ளை இருக்க முடியாது. ஒரு சமூகம் முழுதும் பெண்ணுக்குக் கால் பிள்ளை என்ற கணக்கில் பெறுவதும் நடக்காது. மலேசியாவில் 1970-இல் இந்த வீதம் 4.9. 2022-இல் மலாய்க்காரர்களுக்கு 2.1, இந்தியர்களுக்கு 1.1, சீனர்களுக்கு 0.8. இந்த எல்லைக்குள் வராத விடை எதுவானாலும் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

கிளினிக் பதிவேட்டிலிருந்து பிறப்புகளை எடுத்து வீதம் கணக்கிடச் சொன்னால், பதிவேட்டில் உள்ள தாய் எங்கே குடியிருப்பவள் என்று கேட்க வேண்டும். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவது நம்மவர்களிடம் இன்னும் உள்ள வழக்கம். கோலாலம்பூரில் குடியிருக்கும் மகள் பேறுகாலத்துக்குச் சுங்கை சிப்புட் வந்து, பிள்ளையை ஈப்போ மருத்துவமனையில் பெற்று, பேற்றுக்குப் பிந்திய வீட்டுச் சந்திப்பைத் தாயின் வீட்டிலிருந்தே பெறுவாள். தாதி அவளைத் தன் பதிவேட்டில் எழுதுவதில் தவறில்லை, அவர் கவனிக்க வேண்டியவள்தானே. ஆனால் அந்தப் பிறப்பை இங்குள்ள பெண்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வீதம் வீங்கிவிடும். பிறப்பைத் தாயின் வழக்கமான இருப்பிடத்துக்கே கணக்கு வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வரியை எழுதுபவர்கள் குறைவு.

சார்பு விகிதம்: மொத்தத்தை நம்பாதீர்கள்

15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும் 65-உம் அதற்கு மேலும் உள்ளவர்களையும் கூட்டி, 15 முதல் 64 வரை உள்ளவர்களால் வகுத்து, நூறால் பெருக்குவது சார்பு விகிதம். முதலில் ஒரு பொறி. மலேசியாவின் முதியோர் கொள்கை 60 வயதிலிருந்தே ஒருவரை மூத்த குடிமகனாக எண்ணுகிறது. இந்தியப் பாடநூல்கள் சிலவும் 60-ஐ வெட்டுக்கோடாக வைக்கின்றன. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் சார்பு விகிதம் 65-இல் வெட்டுகிறது. கேள்வியில் வயது குறிப்பிடாவிட்டால் 15–64 என்று எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். தொகுதியில் 60-ஐயும் பகுதியில் 64-ஐயும் வைத்து எழுதினால் 60 முதல் 64 வயதினர் இரு பக்கமும் எண்ணப்பட்டுவிடுவார்கள்.

வகுப்பதற்கு நாட்டின் எண்களையே எடுப்போம். 2010 கணக்கெடுப்பில் 15-க்குக் கீழ் 27.6 சதவீதம், 65-உம் மேலும் 5.1, நடுவில் 67.3. மொத்தச் சார்பு விகிதம் 49-ஐ ஒட்டி வரும். 2020-இல் அவை முறையே 24.0, 6.8, 69.3. மொத்தம் 44-ஆக இறங்கிவிட்டது. சுமை குறைந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். பிரித்துப் பாருங்கள்: இளையோர் சார்பு 41-லிருந்து 35-க்குக் குறைந்திருக்கிறது, முதியோர் சார்பு 7.6-லிருந்து 9.8-க்கு ஏறியிருக்கிறது. மொத்தம் இறங்கியது பள்ளிப் பிள்ளைகள் குறைந்ததால். நீரிழிவு, இரத்த அழுத்தம், கண்புரை என்று கிளினிக் வாசலில் காத்திருக்கும் கூட்டம் கூடியிருக்கிறது. ஆகவே மூன்று எண்களையும் எழுத வேண்டும்.

நம் தோட்டத்துக்கு வருவோம். 1,000 பேரில் 15-க்குக் கீழ் 160, 65-உம் மேலும் 140, நடுவில் 700.

(160 + 140) ÷ 700 × 100 = 42.9

நாட்டின் 44-ஐவிடக் குறைவு! நல்ல நிலையில் உள்ள பகுதி என்று தோன்றுகிறது. ஆனால் பிரமிடின் இடப்பக்கத்தில் 20 முதல் 39 வரை புடைத்திருந்ததே, அது என்ன? அந்த 700 பேரில் 160 பேர் செம்பனைத் தோட்டத்துக் கொங்சி வீடுகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஆண்கள் என்று கேள்வியின் முன்குறிப்பில் ஒரு வரி இருக்கும். அவர்களை நீக்கிப் போடுங்கள்:

300 ÷ 540 × 100 = 55.6

ஒரே ஊரின் விகிதம் நாட்டுச் சராசரிக்குக் கீழிருந்து வெகு மேலே போய்விட்டது. முதியோர் சார்பு மட்டும் பார்த்தால் 20.0-லிருந்து 25.9-க்கு ஏறுகிறது. அந்தத் தொழிலாளர்கள் உழைப்பாளிகள்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் அனுப்பும் பணம் சுமத்ராவிலோ வங்காளதேசத்திலோ ஒரு தாய்தகப்பனைத் தாங்குகிறது. லயத்துப் பாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக அவர்களில் யாரும் இல்லை. சார்பு விகிதம் வயதை மட்டுமே பார்க்கிறது. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. படித்துக்கொண்டிருக்கும் 17 வயதுப் பையனையும் 62 வயதில் ஓய்வுபெற்றவரையும் அது உழைப்பவர் பக்கத்தில்தான் வைக்கிறது. 70 வயதிலும் புல்வெட்டப் போகும் தாத்தாவைச் சார்ந்திருப்பவர் என்கிறது.

தேர்வில் எதை விடையாக எழுதுவது? கேட்டிருப்பது விகிதம் என்றால் 42.9 என்று எழுதி அடிக்கோடிடுங்கள். வரையறைப்படி அதுதான் சரி, மதிப்பெண் அதற்குத்தான். அதன் கீழே, வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தவிர்த்தால் 55.6 ஆகிறது என்று ஒரு வரியும் காரணமும் சேருங்கள். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதுவது கெட்டிக்காரத்தனம் ஆகாது. அத்துடன் முதுமைக் குறியீட்டையும் போட்டுவிடுங்கள். முதியோரை இளையோரால் வகுத்து நூறால் பெருக்குவதுதான் அது: 140 ÷ 160 × 100, அதாவது 87.5. நடுவயதுக்காரர்கள் வந்தாலும் போனாலும் இந்த எண் அசையாது. இடப்பெயர்வு மிகுந்த பகுதிகளில் எனக்கு இதுதான் நம்பகமானதாகத் தெரிகிறது.

அந்த 540-லும் ஒரு சந்தேகம் வைக்கலாம். கணக்கெடுப்பாளர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் ஜொகூரில் இருக்கும் மகனையும் சேர்த்துச் சொல்லும் பெற்றோர் உண்டு. பிள்ளை வெளியூரில் இருந்தாலும் குடும்பக் கணக்கில் அவன் இருக்கிறான். அப்படிச் சேர்ந்தவர்கள் இருந்தால் உண்மையான விகிதம் 55.6-ஐயும் தாண்டும்.

சேவைகள் கேள்விக்கு வரும்போது

இனி கடைசிப் படி எளிது. அடி குறுகியதற்குக் காரணம் என்னவென்று கண்டுவிட்டதால் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே பட்டியலை எழுத மாட்டீர்கள். தாமானில் பெண்கள் நிறைய, பிள்ளைகள் குறைவு. அங்கே முப்பதைத் தாண்டி வரும் முதல் கர்ப்பங்களையும், கர்ப்பகால நீரிழிவையும், கருத்தரிப்பதில் சிக்கல் என்று வரும் தம்பதியரையும் முன்னால் எழுதலாம். ஆனால் தாமானின் வயதுவாரி வீதத்தில் உச்சம் 30–34-இல் இருந்தால் மட்டுமே, அதைக் காட்டிவிட்டு எழுதுங்கள். படத்தில் இல்லாததை ஊகமாக எழுதினால் அது ஊகமாகவே மதிப்பிடப்படும்.

தோட்டத்தில் பிரசவங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் 160 பெண்கள் நாட்டின் சராசரியை ஒட்டிப் பெறுகிறார்கள் என்பதால் தாய்–சேய்ச் சேவையை மூடிவிடச் சொல்ல முடியாது. தினசரி கிளினிக்கைவிட, குறித்த நாளில் தாதி வருவது பொருந்தும். 140 முதியோரில் தனியாக வாழ்பவர்களையும், பேரப்பிள்ளையை வளர்ப்பவர்களையும் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும். இரண்டாம் வகையினருக்கு நோய் வந்தால் குழந்தையின் தடுப்பூசி நாளும் தவறும். கிளினிக்குக்குப் போகப் பேருந்து உண்டா என்பதும் மருந்தைப்போலவே முக்கியம். 160 வெளிநாட்டு ஆண்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை, தங்குமிடத்தின் நெரிசல், குடிநீர், வேலையிட விபத்து ஆகியவற்றை எழுதுங்கள். சார்பு விகிதத்திலிருந்து அவர்களை நீக்கிப் பார்த்தீர்கள் என்பதற்காகச் சேவைத் திட்டத்திலிருந்தும் நீக்கிவிடாதீர்கள். தேவையைக் கணக்கிடும்போது பகுதியின் மக்கள்தொகை மறுபடியும் முழு 1,000-தான்.